கப்பல் எப்போது வரும் என்றே தெரியாதபோது பஃபர் ஸ்டாக் எவ்வளவு வைப்பது?

"சரக்கு கிளம்பிவிட்டது, இரண்டு வாரத்தில் வந்துவிடும்" என்று சப்ளையரிடமிருந்து மெயில் வரும். இரண்டு வாரம் கழித்து அதே மெயில், தேதி மட்டும் மாறியிருக்கும். மூன்றாவது தடவை அந்த மெயில் வரும்போது நம்மில் பெரும்பாலோர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம்: பஃபரை, அதாவது பொருள் தீராமல் இருக்க வைக்கும் கூடுதல் இருப்பை, ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஏற்றிவிடுகிறோம். நானும் அப்படி ஏற்றியவன்தான். குடோன் நிறைந்தது, ஆனாலும் தேவையான பொருள் தேவையான வாரத்தில் இல்லை. ஏன் அப்படி ஆனது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது, அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகப் போடப் போகிறோம். எக்செல்லில் சராசரி எடுக்கத் தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வரும் பம்ப் சீல் ஒன்று. வாரத்துக்குச் சராசரியாக 50 போகிறது, கூடக்குறைய 10 ஏறி இறங்கும் (அதாவது வார விற்பனையின் திட்ட விலக்கம் 10). ஒரு லாட் 200, ஆகவே சுமார் 4 வாரத்துக்கு ஒரு ஆர்டர்.

படி 1: லீட் டைமை நீங்களே அளந்து எழுதுங்கள்

சப்ளையர் சொல்லும் நாள் வேண்டாம், கப்பல் கம்பெனி காட்டும் வருகைத் தேதியும் வேண்டாம். நீங்கள் ஆர்டர் போட்ட தேதி, பொருள் உங்கள் ரேக்கில் ஏறிய தேதி, இந்த இரண்டும் போதும், நடுவில் உள்ள காலம்தான் லீட் டைம். இடையில் தொழிற்சாலையில் எத்தனை நாள், கண்டெய்னர் கிடைக்காமல் எத்தனை நாள், கப்பல் மாற்றும் துறைமுகத்தில் எத்தனை நாள், சுங்கத்தில் எத்தனை நாள் என்பதெல்லாம் பிறகு யாரிடம் சண்டை போடுவது என்று முடிவு செய்ய உதவும், பஃபர் கணக்குக்கு மொத்தம்தான் முக்கியம்.

நம் பம்ப் சீலின் கடைசி பத்து ஆர்டர்கள், வாரக் கணக்கில்:

6, 7, 6, 5, 6, 9, 10, 8, 12, 11

இதில் கடைசி 11 இன்னும் வந்து சேரவே இல்லை. ஆர்டர் போட்டு இன்றோடு 11 வாரம் ஆகிறது, அவ்வளவுதான். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் வந்த சரக்கை மட்டும் பட்டியலில் சேர்ப்பார்கள், அது இயல்பாகத் தோன்றும். ஆனால் இருப்பதிலேயே மோசமாகத் தாமதமான சரக்குதான் இன்னும் வராமல் இருக்கும், அதை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும். ஆகவே சராசரியைத் தாண்டியும் வராமல் கிடக்கும் ஆர்டரை இன்றைய வயதோடு சேர்த்துவிடுங்கள், வந்ததும் திருத்திக்கொள்ளலாம்.

படி 2: பட்டியலை வெட்டுங்கள்

அந்தப் பத்து எண்களை இன்னொரு தடவை பாருங்கள். முதல் ஐந்தும் ஒரு மாதிரி, பின் ஐந்தும் வேறு மாதிரி. நடுவில் ஏதோ மாறிவிட்டது. மாறியது இரண்டு விஷயம், அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒன்று, பயணமே நீண்டுவிட்டது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபோது பல கப்பல்கள் சூயஸ் பக்கமே போகாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின, ஆசியா–ஐரோப்பா பயணத்துக்கு ஏறக்குறைய பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடியது. எல்லாச் சரக்கும் ஒரே அளவு தாமதமானால் அது நிச்சயமான தாமதம், அதற்குப் பஃபர் தேவையே இல்லை, இரண்டு வாரம் முன்னாடியே ஆர்டர் போட்டால் போதும்.

இன்னொன்று, சிதறல். ஒன்று 8 வாரத்தில் வருகிறது, அடுத்தது 12. துறைமுக நெரிசல், கப்பல் மாற்றும் இடத்தில் அடுத்த கப்பலைத் தவறவிடுவது, இடம் கிடைக்காமல் கண்டெய்னர் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போவது எல்லாம் இந்த வகை. பஃபர் ஸ்டாக் என்பது இதற்கு மட்டும்தான்.

எங்கே வெட்டுவது என்று கணிதம் தேட வேண்டாம். தொடர்ந்து மூன்று ஆர்டர்கள் பழைய அதிகபட்சத்தைத் தாண்டினால் அங்கே வெட்டுங்கள் என்பது என் வழக்கம். இங்கே பழைய அதிகபட்சம் 7, அதற்குப் பிறகு 9, 10, 8. வெட்டிவிடலாம். ஒரே ஒரு ஆர்டர் மட்டும் தாண்டி, அடுத்தது பழையபடி வந்தால் வெட்டாதீர்கள். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸில் ஆறு நாள் குறுக்கே நின்றதே, அந்த மாதிரி விஷயம் சிதறலில் ஒரு புள்ளி, புதிய நிலைமை இல்லை.

படி 3: கணக்கு

ஆர்டர் வாரங்கள் C2 முதல் C11 வரை இருக்கிறது என்றால் புதிய ஐந்து மட்டும் C7:C11. வார விற்பனைச் சராசரி F1-இல், அதன் திட்ட விலக்கம் F2-இல்.

```
G1: =AVERAGE(C7:C11)
G2: =STDEV.S(C7:C11)
G3: =NORM.S.INV(0.95)*SQRT(G1*F2^2+F1^2*G2^2)
G4: =F1*G1+G3
```

G3 பஃபர் ஸ்டாக், G4 மறு ஆர்டர் புள்ளி, அதாவது இருப்பு எந்த எண்ணுக்கு இறங்கினால் அடுத்த ஆர்டர் போட வேண்டும் என்பது. 0.95 என்பது இருபது ஆர்டர் சுற்றில் ஒன்றில் பொருள் தீர்ந்துபோகலாம், அதைத் தாங்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம். 4 வாரத்துக்கு ஒரு ஆர்டர் போடும் நமக்கு அது ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் ஒரு தடவை. 5 சதவீத வாடிக்கையாளர்கள் வெறுங்கையோடு போவார்கள் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள், அது வேறு கணக்கு.

நம் எண்களைப் போட்டால், பழைய ஐந்துக்குச் சராசரி 6, விலக்கம் 0.71, பஃபர் 71, ஆர்டர் புள்ளி 371. புதிய ஐந்துக்குச் சராசரி 10, விலக்கம் 1.58, பஃபர் 140, ஆர்டர் புள்ளி 640.

வெட்டாமல் பத்தையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? சராசரி 8, விலக்கம் 2.4, பஃபர் 203, ஆர்டர் புள்ளி 603. பஃபர் 140-க்குப் பதில் 203 என்று பெரிதாகத் தெரிகிறது, ஆனால் ஆர்டர் போடும் நேரம் உண்மையில் தள்ளிப்போகிறது, 640-இல் போட வேண்டியதை 603-இல் போடுகிறோம். பயணம் நீண்டதையும் சிதறலாகவே எண்ணிக்கொண்டு, பஃபருக்கு நிறைய ஒதுக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் தாமதமாக ஆர்டர் போடுகிறோம். நான் மாட்டியது இங்கேதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். புதிய ஐந்துக்கு G3-இல் வேர் எடுப்பதற்கு முன் உள்ளே இருப்பது 1000 + 6250. முதலாவது விற்பனை ஏறி இறங்குவதால், இரண்டாவது கப்பல் வரும் காலம் ஏறி இறங்குவதால். விற்பனைக் கணிப்பை எவ்வளவு துல்லியமாக்கினாலும் இந்தப் பொருளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. கப்பல் மாற்றாமல் நேராக வரும் வழித்தடம் கிடைத்தால், அது ஒரு வாரம் அதிகம் எடுத்தாலும், சிதறல் குறையுமானால் யோசிக்கலாம்.

படி 4: நேரடியாக ஒரு சோதனை

ஐந்து எண்களை வைத்து எடுத்த திட்ட விலக்கத்தை முழுதாக நம்ப முடியாது, அதோடு தாமதம் ஒரு பக்கமாகத்தான் நீளும், ஆறு வாரம் முன்னாடி வந்த கப்பல் என்று ஒன்று கிடையாது. அதனால் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி: 12 வாரம் ஆனால்? 50 × 12 = 600, நம்மிடம் 640, தப்பிக்கிறோம். 14 வாரம் ஆனால்? 700, அறுபது குறைகிறது. அந்த அறுபதையும் வருடம் முழுக்க ரேக்கில் வைக்க வேண்டுமா, அப்படி வரும்போது அறுபதை மட்டும் விமானத்தில் கொண்டுவரலாமா? சீல் மாதிரி சின்னப் பொருளுக்கு விமானம் சரி. கனமான, இடம் அடைக்கும் பொருளுக்கு வேறு பதில் வரலாம்.

படி 5: இன்று என்ன ஆர்டர் போடுவது

640-ஐ ரேக்கில் இருப்பதோடு ஒப்பிடக் கூடாது. ரேக்கில் இருப்பது, வழியில் வருவது இரண்டையும் கூட்டி, ஏற்கெனவே வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்து வரும் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். ரேக்கை மட்டும் பார்ப்பவர் ஒவ்வொரு வாரமும் புது ஆர்டர் போட்டுக்கொண்டே இருப்பார், மூன்று மாதம் கழித்து எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கும்.

இன்று ரேக்கில் 60, வழியில் இரண்டு லாட் 400, மொத்தம் 460. 640-க்குக் கீழே, ஆகவே உடனே 200 போடுகிறோம், 660 ஆகிறது. மூன்று நாளில் அது மறுபடி 640-க்கு இறங்கும், அப்போது இன்னொரு 200. அடுத்தடுத்து இரண்டு ஆர்டர் போவதைப் பார்த்து மேலே இருப்பவர் கேள்வி கேட்பார். புள்ளி 371-லிருந்து 640-க்கு ஏறியதால் வரும் ஒரு தடவைச் செலவு இது, அந்த 269-இல் 200 பயணம் நீண்டதற்கு, 69 சிதறலுக்கு என்று காட்டிவிடுங்கள். அதற்கு மேல் பயத்தில் மூன்றாவது ஆர்டர் போடாதீர்கள்.

ஆனால் இன்று போட்ட ஆர்டர் வர 10 வாரம் ஆகும், கண்ணெதிரே இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. ரேக்கில் உள்ள 60 ஒரு வாரத்துக்குச் சற்று மேல் வரும். அந்த 11 வார ஆர்டர் இன்னும் இரண்டு வாரத்தில் வரும் என்று வைத்தாலும் 100 தேவை, 40 குறைகிறது. விமானத்தில் வர வேண்டியது அந்த 40, கூட ஒரு வாரத்துக்குச் சேர்த்து 90 என்று வைத்துக்கொள்ளலாம். முழு லாட்டையும் விமானத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

மாதம் ஒரு தடவைதான் இருப்பைப் பார்ப்பீர்கள் என்றால் சராசரி லீட் டைமோடு அந்த 4 வாரத்தையும் கூட்டித்தான் G3, G4 இரண்டையும் போட வேண்டும். வாரம் ஒரு தடவையாவது பார்ப்பது எவ்வளவோ மலிவு.

படி 6: திரும்பி இறங்கும்போது

கப்பல்கள் மறுபடி 7 வாரத்தில் வரத் தொடங்கும் ஒரு நாள் வரும், அப்போது நெரிசலில் மாட்டிய பழைய லாட்டும் புது லாட்டும் சேர்ந்தே வரும், குடோனில் இடமிருக்காது. ஏற்றும்போது வைத்த அதே மூன்று ஆர்டர் விதி இங்கேயும்: தொடர்ந்து மூன்று ஆர்டர்கள் புதிய குறைந்தபட்சமான 8-க்குக் கீழே வந்தால் பட்டியலை மறுபடி வெட்டி, G4-ஐப் புதிதாகப் போடுங்கள். புள்ளி இறங்கியதும் ஒரு லாட்டோ அதற்கு மேலோ ஆர்டர் போடாமல் விட வேண்டியிருக்கும், சப்ளையரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர் உங்கள் அடுத்தடுத்த இரண்டு ஆர்டரைப் பார்த்து விற்பனை கூடிவிட்டது என்று நினைத்து உற்பத்தியை ஏற்றியிருப்பார்.