இரண்டாவது பிள்ளைக்குக் கட்டணச் சலுகை கேட்டுப் பள்ளிக்குக் கடிதம்: எத்தனை சதவீதம், எதன் மேல்?

என் மகளும் மகனும் காட்பாடியில் ஒரே மெட்ரிக் பள்ளியில் படிக்கிறார்கள். மகனைச் சேர்த்த வருடம் நான் எழுதிய முதல் கடிதத்தில் ஒரே ஒரு வரியைச் சரியாக எழுதாததால் நான் எதிர்பார்த்த பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அடுத்த வருடம் அதே பள்ளிக்கு வேறு மாதிரி எழுதினேன், கிடைத்தது. இரண்டையும் வைத்துத்தான் இந்தச் செய்முறை.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழுதான் முடிவு செய்கிறது. அந்தக் குழு சொல்வது உச்சவரம்பு. பள்ளி அதைவிட அதிகமாக வாங்கக் கூடாது, ஆனால் குறைத்து வாங்கலாம். உடன்பிறந்த பிள்ளைக்கான சலுகை இந்தக் குறைத்து வாங்குவதில்தான் வருகிறது, அது முழுக்க நிர்வாகத்தின் விருப்பம். அதனால் கடிதத்தில் உரிமை, சட்டம், புகார் என்ற சொற்கள் வேண்டாம். அதற்காகக் கெஞ்சவும் வேண்டாம். நீங்கள் ஒரே பள்ளிக்கு இரண்டு கட்டணம் கட்டும் பெற்றோர், அந்த நிலையிலிருந்து கேளுங்கள்.

கடிதத்துக்கு முன்: கட்டண ரசீதைப் பிரித்துப் பாருங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மகன் யூகேஜி சேர்ந்தபோது மொத்தம் 41,500 ரூபாய் சொன்னார்கள். "இரண்டாவது குழந்தைக்குக் கட்டணத்தில் 25% சலுகை வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். என் மனக்கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் குறையும். பத்து நாள் கழித்து அலுவலகத்தில் கூப்பிட்டு, "சார், 10% ஓகே ஆயிருக்கு" என்றார்கள். சரி, 4,150 ரூபாயாவது மிச்சம் என்று நினைத்தேன். வருட முடிவில் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் குறைந்தது 1,600 ரூபாய்தான்.

யாரும் ஏமாற்றவில்லை. அந்த 41,500இல் கல்விக் கட்டணம் 24,000, புத்தகம் நோட்டு 5,500, வேன் 12,000. சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். புத்தகம் பதிப்பகத்துக்குப் போகிற பணம், வேன் டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் போகிற பணம், அதில் பள்ளி கை வைக்காது. அடுத்தது, நான் கடிதம் கொடுத்தது ஜூன் மாதம். முதல் பருவக் கட்டணம் 8,000 ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே மீதி இரண்டு பருவத்தின் 16,000 ரூபாயில் 10%, அதுதான் 1,600. நான் போய்க் கேட்டபோது அலுவலக அம்மா பொறுமையாகச் சொன்னார்: "சார், எதுல பர்சன்டேஜ், எந்த டெர்ம்லேர்ந்துன்னு லெட்டர்ல நீங்க போடவே இல்லையே." அவர் சொன்னது சரி.

ஆகவே போன வருட ரசீதை எடுத்து, கல்விக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சதவீதம் எல்லாம் அந்த எண்ணின் மேல்தான். ரசீதில் மொத்தமாக ஒரே தொகை போட்டிருந்தால் அலுவலகத்தில் பிரித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், சொல்வார்கள்.

எத்தனை சதவீதம் கேட்பது

முதலில் அதே பள்ளியில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் வேறு பெற்றோர் இரண்டு பேரிடம் கேட்டுவிடுங்கள். வேன் நிற்கும் இடத்தில் கேட்டாலே தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 15 கொடுத்திருந்தார்கள். நான் இரண்டாம் முறை 20 கேட்டேன். கிடைக்கிற அளவைவிடக் கொஞ்சம் மேலே கேளுங்கள், ஆனால் 50% என்று கேட்டால் கடிதம் தாளாளர் மேசையில் அப்படியே கிடக்கும். கூடவே ரூபாயிலும் எழுதுங்கள். 27,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் 20% என்பதைப் பார்த்தால் பெரியதாகத் தெரியும், "வருடத்துக்கு 5,400 ரூபாய்" என்று பார்த்தால் நிர்வாகமும் உடனே கணக்குப் போட்டு முடிவு சொல்லும்.

மூத்த பிள்ளையின் கட்டணம்தான் அதிகம், அதில் கேட்கலாமா என்று எனக்கும் தோன்றியது. நான் விசாரித்தவரை எல்லோருக்கும் இளைய பிள்ளைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். கேட்கிறதென்றால் "இருவருக்கும் தலா 10%" என்று கேட்டுப் பாருங்கள். மகளுக்கு 33,000, மகனுக்கு 27,000 என்றால் அது 6,000 ரூபாய் ஆகிறது, மகனுக்கு மட்டும் 20% கேட்பதைவிட அதிகம். நான் இதைக் கேட்கவில்லை, குடியாத்தத்தில் என் மைத்துனர் கேட்டு வாங்கினார்.

எப்போது

மார்ச் மாதம். அடுத்த வருடக் கட்டண அறிவிப்பு வருவதற்கு முன். ஏப்ரல், மே வந்தால் புதுச் சேர்க்கைக் கூட்டத்தில் உங்கள் கடிதம் அடியில் போய்விடும், வேலூர் வெயிலில் நான்கு முறை அலைவதுதான் மிச்சம். இந்த வருடப் பாக்கி எதுவும் இல்லாமல் முடித்துவிட்டுப் போங்கள். பாக்கி வைத்துக்கொண்டு சலுகை கேட்டால் பேச்சு பாக்கியிலேயே முடிந்துவிடும்.

கடிதம்

கையால் எழுதுங்கள், ஏ4 தாள், நீல மை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தும் பார்த்தேன், எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்துத் தருகிறார்கள், அதில் சதவீதத்துக்கு இடமே இல்லை. வாட்ஸப்பில் அனுப்புவது வேண்டவே வேண்டாம், அதைக் கோப்பில் வைக்க முடியாது. பெறுநர் இடத்தில் தாளாளர் பெயர் எழுத வேண்டாம், பதவி போதும். தலைமையாசிரியர் வழியாகப் போகட்டும், அவருக்குச் சலுகை கொடுக்கும் அதிகாரம் இல்லை, ஆனால் "நல்ல பிள்ளைகள்தான்" என்று ஒரு வார்த்தை சொல்வது அவர்தான்.

நான் இரண்டாம் முறை கொடுத்தது இது:

அனுப்புநர்
(பெற்றோர் பெயர், முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்
தாளாளர் அவர்கள்,
(பள்ளியின் பெயர்), காட்பாடி.

வழி: தலைமையாசிரியர் அவர்கள்

பொருள்: இரண்டாவது குழந்தைக்குக் கல்விக் கட்டணத்தில் 20% சலுகை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் (பெயர், சேர்க்கை எண்) தங்கள் பள்ளியில் எல்கேஜி முதல் படித்து, வரும் கல்வியாண்டில் 4ஆம் வகுப்புக்குச் செல்கிறாள். என் மகன் (பெயர், சேர்க்கை எண்) வரும் கல்வியாண்டில் 1ஆம் வகுப்புக்குச் செல்கிறான். இருவருக்கும் இந்த ஆண்டு வரை எந்தக் கட்டணப் பாக்கியும் இல்லை.

நான் சத்துவாச்சாரியில் சிறிய எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். இருவரின் கட்டணமும் ஒரே மாதத்தில் வருவதால் கட்டச் சிரமமாக உள்ளது. ஆகவே என் மகனின் கல்விக் கட்டணமான 27,000 ரூபாயில் 20%, அதாவது 5,400 ரூபாயை, முதல் பருவம் தொடங்கி மூன்று பருவங்களிலும் சமமாகக் குறைத்து, இருவரும் தங்கள் பள்ளியில் படிக்கும் வரை ஆண்டுதோறும் இச்சலுகை தொடருமாறு அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். புத்தகம், வேன் கட்டணங்களை முழுமையாகச் செலுத்திவிடுகிறேன்.

நன்றி.

இடம்:
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: இருவரின் கடைசிப் பருவ ரசீது நகல்கள்.

இதில் உயிர் நாடி "27,000 ரூபாயில் 20%" என்று தொடங்கும் அந்த நீண்ட வாக்கியம். எதன் மேல், எவ்வளவு, எந்தப் பருவத்திலிருந்து, எது வரை என்று நான்கும் அதில் இருக்கின்றன. மற்றதை உங்கள் வசதிப்படி மாற்றுங்கள், அந்த நான்கில் ஒன்றைக்கூட விடாதீர்கள். குடும்பக் கஷ்டம் ஒரு வரி போதும். நோய், கடன் என்று உண்மையிலேயே பெரிய சிரமம் இருந்தால் அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள், அது வேறு வகைச் சலுகை, அதற்கு வருமானச் சான்று கேட்பார்கள்.

கொடுப்பதும் பிறகும்

இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டால் போடுவார்கள். ஒரு வாரம் பொறுத்து நேரில் போய் விசாரியுங்கள்.

எனக்கு 15% கிடைத்தது. 4,050 ரூபாய், பருவத்துக்கு 1,350. ஜூனில் முதல் ரசீதை வாங்கிய உடனே கவுண்டரிலேயே நின்று பார்த்தேன்: 9,000க்குப் பதில் 7,650 இருந்தது. நீங்களும் அங்கேயே பாருங்கள். கம்ப்யூட்டரில் சலுகையை ஏற்ற மறந்துவிட்டு முழுத் தொகைக்கு ரசீது போட்டுவிட்டால், அதைத் திருத்த மறுபடி தாளாளர் வரைக்கும் போக வேண்டும். சம்பளக்காரர்கள் பழைய முறையில் வருமான வரிக்குக் கல்விக் கட்டணக் கழிவு கேட்கும்போது, நீங்கள் உண்மையில் கட்டிய தொகையைத்தான் காட்ட வேண்டும், சலுகைக்கு முந்தைய தொகையை அல்ல.

படித்தவர்கள் கேட்டதற்குப் பிறகு சேர்த்தது

ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா எழுதியிருந்தார்: மூத்தவன் பத்தாவது முடித்து +1க்கு வேறு பள்ளிக்குப் போனதும் சின்னவளின் சலுகையை நிறுத்திவிட்டார்களாம். "இருவரும் படிக்கும் வரை" என்று எழுதினால் அது நியாயம்தான், ஆனால் மூத்த பிள்ளை எட்டாவது, ஒன்பதாவதில் இருந்தால் அந்தச் சொற்களுக்குப் பதில் "என் மகள் தங்கள் பள்ளியில் படிக்கும் வரை" என்று இளைய பிள்ளையை மட்டும் குறித்து எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒரே டிரஸ்டின் இரண்டு கிளைகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள், மூத்த பிள்ளையின் ரசீதைக் கட்டாயம் இணைக்க வேண்டும். இந்தக் கிளை அலுவலகத்தில் அந்தக் கிளைக் கணக்கு தெரியாது.

இரட்டைப் பிள்ளைகளில் யார் இரண்டாவது என்று ஒருவர் கேட்டிருந்தார். சேர்க்கை எண் எது பின்னால் வருகிறதோ அந்தப் பிள்ளையின் பெயரில் கேளுங்கள், இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே கட்டணம் என்பதால் தொகை மாறாது.