தினசரிக் கோப்பின் வடிவம் மாறும் முன் தெரிவிக்குமாறு விற்பனையாளருக்கு எழுதுவது எப்படி?

எங்களுக்குத் தினமும் வரும் விற்பனைக் கோப்பில், ஜூன் 1 முதல் தேதியின் அமைப்பு நாள்/மாதம் என்பதிலிருந்து மாதம்/நாள் என்று அறிவிப்பின்றி மாற்றப்பட்டது. `06/01/2024` என்பதை எங்கள் நிரல் ஜனவரி 6 என்று பிழைச்செய்தி எதுவும் தராமல் படித்துக்கொண்டது; `06/13/2024` வந்த அன்றுதான், பதின்மூன்றாம் மாதம் இல்லாததால், அது நின்றது. அதற்குள், எப்படிப் படித்தாலும் மாறாத ஜூன் 6 தவிர, பதினொரு நாள் கணக்கு தவறான மாதங்களில் பதிவாகிவிட்டது.

“முன்கூட்டியே சொல்லுங்கள்” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எது மாற்றம் என்பதையே பலர் வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறார்கள். நான் அனுப்பிய கடிதம் இது:

“வணக்கம். தங்கள் தினசரிக் கோப்பை எங்கள் நிரல் தானாகவே படிக்கிறது. நெடுவரிசைகளின் பெயர், வரிசை, எண்ணிக்கை, தேதியின் அமைப்பு, பிரிப்புக்குறி, கோப்பின் பெயர், அனுப்பும் நேரம் ஆகியவற்றில் எது மாறினாலும், புதிய நெடுவரிசை ஒன்று சேர்ந்தாலும்கூட, பத்து வேலைநாள்களுக்கு முன் மாதிரிக் கோப்புடன் கீழ்க்கண்ட பொது முகவரிக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். இயன்றால், மாற்றத்திற்குப் பின் ஒரு வாரம் பழைய வடிவத்தையும் சேர்த்து அனுப்பினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.”

தனிநபர் முகவரியைத் தராதீர்கள். அவர் விடுப்பில் இருந்தால் அறிவிப்பு வீணாகும். மாதிரிக் கோப்பில் 12-ஐத் தாண்டிய நாள் ஒன்றேனும் இருக்குமாறு கேளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகும், தலைப்பு வரியையும், தேதி கோப்பு வந்த நாளை ஒட்டியிருக்கிறதா என்பதையும் நிரலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.