இணையக் கடையின் ஃபூட்டரில் பதிவு விவரங்கள்: சரிபார்க்கும்போது முறியும் இடங்கள்

இணையக் கடையின் ஃபூட்டரில் நிறுவனப் பதிவு எண்ணையும் வரிப் பதிவு எண்ணையும் சேர்ப்பவர்களில் பலர், எண் கண்ணில் பட்டாலே வாங்குபவருக்கு நம்பிக்கை வந்துவிடும் என்று கருதுகிறார்கள். ஆனால் முதன்முறை வாங்கத் தயங்கும் ஒருவர் அந்த எண்ணை நகலெடுத்து, அரசுப் பதிவேட்டின் தேடுபெட்டியில் ஒட்டி, அங்கே வரும் பெயரையும் முகவரியையும் கடையில் இருப்பவற்றோடு ஒப்பிடுகிறார். ஏமாற்றுக் கடைகள் வேறொரு நிறுவனத்தின் உண்மையான எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வதும் உண்டு என்பதால், எண் செல்லுபடியாகிறதா என்பதைவிட விவரங்கள் ஒத்துப்போகின்றனவா என்பதே அவருக்கு முக்கியம்.

இதில் மிகுதியாகக் காணப்படும் தவறு பெயர்ப் பொருத்தமின்மை. ஒருவர் தனி உரிமையாளராகத் தொடங்கி, பின்னர் கடைக்குக் கவர்ச்சியான புதுப் பெயர் சூட்டியிருக்கிறார் என்று கொள்வோம். ஃபூட்டரில் புதுப் பெயரும், அதன் கீழே 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணும் மட்டுமே உள்ளன. வாங்குபவர் அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடினால், சட்டப்பூர்வப் பெயர் என்ற இடத்தில் உரிமையாளரின் சொந்தப் பெயரும், வணிகப் பெயர் என்ற இடத்தில் பழைய கடைப் பெயரும் வருகின்றன; பணம் செலுத்தும் பக்கத்திலோ மூன்றாவதாக ஒரு பெயர் நிற்கிறது. எண் சரியானதாகவும் பதிவு நடப்பில் இருப்பதாகவும் தெரிந்தாலும், தாம் பணம் அனுப்பப்போவது யாருக்கு என்பது அவருக்குத் தெரியவில்லை. ஃபூட்டரில் எதுவுமே இல்லாதிருந்தால்கூட இவ்வளவு சந்தேகம் எழுந்திருக்காது.

இதற்குத் தீர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. பதிவேட்டில் உள்ள வணிகப் பெயரை முறைப்படி திருத்த வேண்டும். திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை, இன்ன கடை இன்ன பெயரில் பதிவான வணிகத்தால் நடத்தப்படுகிறது என்ற ஒரு முழு வரியை எண்ணுக்கு மேலே எழுத வேண்டும். அந்தப் பெயரைப் பதிவேட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து தர வேண்டும். அதே பெயர் விலைப்பட்டியலிலும் பணம் செலுத்தும் பக்கத்திலும் வர வேண்டும்.

எண்ணை மட்டும் போட்டு, அது எந்தப் பதிவேட்டைச் சேர்ந்தது என்று சொல்லாமல் விடுவதும் ஒப்பீட்டைத் தடுக்கிறது. நிறுவனப் பதிவு எண்ணும் வரி எண்ணும் வெவ்வேறு பதிவேடுகளைச் சேர்ந்தவை. ஒன்றை மற்றதன் தேடுபெட்டியில் ஒட்டினால் பொதுவாக விவரம் கிடைக்காது, கடை போலி என்று வாங்குபவர் முடிவு செய்துவிடுவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் VIES சேவை வாட் எண்ணைச் சரிபார்த்துத் தருகிறது என்றாலும், ஜெர்மனி போன்ற சில நாடுகளின் எண்களுக்குச் செல்லும், செல்லாது என்ற விடையைத்தான் தரும், பெயரைக் காட்டாது. அத்தகைய இடங்களில் வணிகப் பதிவேட்டின் பெயரும் அதிலுள்ள எண்ணும் கூடவே இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

எண்ணைப் படமாக வைப்பது, அதைவிட மோசமாகப் பதிவுச் சான்றிதழையே ஸ்கேன் செய்து ஏற்றுவது, ஆகிய இரண்டையும் தவிர்க்க வேண்டும். படத்திலிருந்து எண்ணை எளிதாக நகலெடுக்க முடியாது. சான்றிதழின் நகலோ மோசடிக்காரருக்கு ஆயத்தமான மூலப்பொருள். எழுத்தாக வைத்தாலும் ஒரு சிறு சிக்கல் உண்டு: ஐபோனின் சஃபாரி உலாவி நீளமான இலக்க வரிசையைத் தொலைபேசி எண் என்று கருதி அழைப்பு இணைப்பாக மாற்றிவிடக்கூடும், பதிவு எண்ணைத் தொட்டவருக்கு அழைக்கவா என்ற கேள்வி வரும். பக்கத்தின் `<head>` பகுதியில் இந்த வரியைச் சேர்த்தால் அது நிற்கும்:

```html
<meta name="format-detection" content="telephone=no">
```

உண்மையான தொலைபேசி எண்ணுக்கு `tel:` இணைப்பைக் கையால் கொடுத்துவிடலாம்.

வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் தனிநபர் அடையாள எண்ணைப் போட்டுவிடுவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அமெரிக்காவில் தனி உரிமையாளர் தமது சமூகப் பாதுகாப்பு எண்ணையே வரி எண்ணாகப் பயன்படுத்த இயலும். அதை எக்காரணம் கொண்டும் தளத்தில் காட்டக் கூடாது. ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாம் எழுத்து முதல் பன்னிரண்டாம் எழுத்து வரை உள்ளது பான் எண்ணே. ஜிஎஸ்டி எண்ணைக் காட்டும்போது பான் எண்ணைத் தனியே எழுதுவதில் எந்தப் பயனும் இல்லை.

முகவரி மாறும்போதும், பதிவு ரத்தாகும்போதும் ஃபூட்டரைத் தொடாமல் விடுவது கடைசித் தவறு. ஐரோப்பியச் சட்டப்படி முன்பு சேர்க்கப்பட்ட, இணையவழித் தகராறு தீர்வுக்கான ODR தளத்தின் இணைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அந்தத் தளம் 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டது. அந்த இணைப்பு இன்னும் உங்கள் ஃபூட்டரில் இருந்தால் அதை நீக்கிவிட்டு, அதே அமர்வில் உங்கள் எண்களையும் பதிவேட்டில் ஒருமுறை நீங்களே தேடிப் பாருங்கள்.