கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் குத்தினால்: பஞ்சும் பிளாஸ்திரியும் வைக்கும் முறை

மும்பையில் மழை தொடங்கியதும் இந்தத் தொல்லையும் தொடங்கிவிடும். மாஹிமில் ரயில் ஏறி சர்ச்கேட் வரை ஈர ஷூவோடு நின்றே போனால், ஊறிய சதையை ஷூ நகத்தின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும்.

குத்துவது நகத்தின் மூலை. அதை வளைத்து வெட்டும்போது, கட்டர் எட்டாத ஆழத்தில் முள் போல ஒரு துணுக்கு மிஞ்சிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. நகம் வளர வளர அந்த முள் முன்னால் நகர்ந்து சதையைத் துளைக்கும். வீங்கிய சதை நகத்தின் மேல் ஏறி, இன்னும் ஆழமாகக் குத்து வாங்கும். வலி தாங்காமல் மூலையைத் தோண்டி வெட்டினால் சில நாள் சுகம். பிறகு புது முள், முன்னைவிட உள்ளே. நகச்சுத்திக்குச் செருகுவதுபோல் எலுமிச்சம்பழம் செருகியும் பயனில்லை, முள் அங்கேயேதான் இருக்கும்.

சர்க்கரை நோய், காலில் மரத்துப்போதல், சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் கை வைக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மற்றவர்கள் காலை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, நன்றாகத் துடைக்க வேண்டும். சதையைப் பஞ்சுக் குச்சியால் நகத்திலிருந்து மெல்ல விலக்கி, அரிசியளவு திரித்த பஞ்சை நகத்தின் மூலைக்கு அடியில் செருகுங்கள். தினமும் பஞ்சை மாற்றுங்கள். ஊறிய பஞ்சு கிருமிக்கு இடம் கொடுக்கும். சேஃப்டி பின், பிளேடு வேண்டவே வேண்டாம்.

பலரும் தவறுவது பிளாஸ்திரியில்தான். சுமார் 2 செ.மீ. அகலப் பிளாஸ்திரியின் ஒரு முனையை, வீங்கிய பக்கத்துச் சதையில், நகத்தை ஒட்டி ஆனால் நகத்தின் மேல் படாமல் ஒட்டுங்கள். சதை நகத்தைவிட்டு விலகும்படி கீழ்நோக்கி இழுத்து, விரலின் அடிப்பக்கமாகச் சாய்வாகக் கொண்டுவந்து மறுபக்கம் முடியுங்கள். சரியாக ஒட்டினால் நகத்துக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும், குத்தலும் உடனே குறையும். தெரியாவிட்டால் இழுப்பு போதவில்லை, அல்லது தோலில் ஈரம் இருந்திருக்கிறது. விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ அவிழ்த்துத் தளர்வாக ஒட்டுங்கள். குளித்தபின் புதிது ஒட்ட வேண்டும்.

கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 1.5 மி.மீ.தான் வளரும். மூலை 3 மி.மீ. குறைந்திருந்தால், அது சதையைத் தாண்ட 2 மாதம் ஆகும். வலி முதல் வாரத்திலேயே அடங்கிவிடுவதால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். முனை வெளியே தெரியும்வரை தொடருங்கள். அதுவரை முன்பக்கம் திறந்த செருப்பு நல்லது. பிறகு நேர் விளிம்புள்ள பெரிய கட்டரால் குறுக்காக, நேராக வெட்டுங்கள். வளைந்த சிறிய கட்டர் கைவிரலுக்கே போதும்.

நகத்தோரம் தொட்டாலே ரத்தம் கசியும் செந்நிறச் சதை வளர்ந்துவிட்டால் பஞ்சுக்கு வேலையில்லை. டாக்டர் விரலை மரக்கச் செய்து, குத்தும் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுப்பார். அந்த ஓரம் மறுபடி முளைக்காமலிருக்க வேரில் ஃபீனால் தடவுவதும் உண்டு.