செண்பகவல்லி எப்படி Cenpakavalli ஆனாங்க? பேரு ஸ்பெல்லிங்ல நாம பண்ற தப்புகள்

எங்க அத்தை பேரு செண்பகவல்லி, ஆதார்ல Shenbagavalli. ஒரு அரசு போர்ட்டல்ல பேரைத் தமிழ்ல அடிச்சதும் பக்கத்துல இருந்த இங்கிலீஷ் பாக்ஸ் தானாவே ஃபில் ஆகி Cenpakavalli-ன்னு வந்துச்சு, அவசரத்துல யாரும் அதைப் பாக்கல, சப்மிட்டும் பண்ணியாச்சு. ஆதாரோட மேட்ச் ஆகலன்னு அப்ளிகேஷன் திரும்பி வந்தப்போதான் என்ன நடந்துச்சுன்னே தெரிஞ்சுது.

இதுக்குக் காரணம் நம்ம எழுத்துலயே இருக்கு. கடல்ல வர்ற க வேற சத்தம், தங்கத்துல வர்றது வேற, மகன்ல வர்றது வேற, ஆனா மூணுக்கும் எழுத்து ஒண்ணுதான். பக்கத்துல என்ன எழுத்து இருக்குன்னு பாத்து நாம தானா மாத்திப் படிச்சுடுவோம், ட, த, ப எல்லாத்துக்கும் இதே கதைதான். எழுத்துக்கு எழுத்து மாத்தற ப்ரோக்ராம் அதைப் பாக்காது, க-ன்னா k, ப-ன்னா p. ச-வுக்கு c போடறது நூலகக் கேட்டலாக்ல எல்லாம் வர்ற ISO 15919 முறை, அங்க அது சரிதான், ஒரு மனுஷியோட பேருக்கு சரிப்படாது. அதனாலதான் செ Ce ஆச்சு, ண்ப np ஆச்சு, நடுவுல வர்ற க ka ஆச்சு.

இன்னொண்ணு ஹிந்தி பழக்கம். நாம த-வுக்கு th போடுவோம், Latha, Geetha-ன்னு. வடக்குல அதே சத்தத்துக்கு t தான், Lata, Geeta. அந்த வழக்கத்துல செஞ்ச சாஃப்ட்வேர் த, ட ரெண்டுக்குமே t போட்டுடும். திருப்பி இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு வந்தா இன்னும் மோசம், Valli-ன்னு அடிச்சா அது வள்ளியா வல்லியான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?

அரசாங்கமே உக்காந்து செஞ்சும் இது சுலபமா முடியல. 2020 ஜூன்ல 1,018 ஊர்களுக்கு தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வெளியிட்டாங்க, கோயம்புத்தூர் Koyampuththoor ஆச்சு, எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க.

சரி, தப்புகளுக்கு வரேன். முதல் தப்பு, தானா ஃபில் ஆன பாக்ஸை அப்படியே விடறது. அதை க்ளிக் பண்ணிக் கையால திருத்தலாம் பெரும்பாலும். ஆனா சில ஃபாரத்துல நீங்க திருத்தினப்புறம் மறுபடி முதல் பாக்ஸைத் தொட்டா ரெண்டாவது பழையபடி மாறிடும், அதனால திருத்தத்தைக் கடைசியா பண்ணுங்க, ப்ரிவ்யூல ஒரு தடவை எழுத்து எழுத்தா படிச்சுப் பாருங்க. இ-சேவை மையத்துல போட்டாலும் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

ரெண்டாவது, பெரிய தப்பு: தப்பா வந்த கார்டுக்கு ஏத்த மாதிரி ஆதாரை மாத்தறது. ஆதார்ல பேரு மாத்த வாழ்நாள்ல ரெண்டே ரெண்டு தடவைதான் சான்ஸ், அதைத் தாண்டினா தனியா கோரிக்கை வெச்சு அலையணும். பத்தாவது மார்க்‌ஷீட், பாஸ்போர்ட், ஆதார் இதுல எல்லாம் ஒரே மாதிரி இருக்கற ஸ்பெல்லிங்கை அசையாம வெச்சுட்டு, தனியா நிக்கற அந்த ஒரு கார்டை மட்டும் திருத்துங்க. எங்க அத்தை விஷயத்துலயும் ஆதாரைத் தொடல, அந்த அப்ளிகேஷனைத்தான் திருத்தினோம்.

வோட்டர் ஐடில இப்படி இருந்தா புதுசா பேரு சேக்கறதுக்கான ஃபார்ம் 6-ஐப் போடறவங்க நிறைய பேரு, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, பட்டியல்ல ரெண்டு இடத்துல பேரு ஏறிடும், அது சட்டப்படி கூடாது. போட வேண்டியது ஃபார்ம் 8. voters.eci.gov.in-ல மொபைல் நம்பர் போட்டு லாகின் பண்ணுங்க, ஃபார்ம் 8 எடுத்து வோட்டர் ஐடி நம்பர் குடுங்க, Correction of Entries-ன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க, பேருன்னு டிக் பண்ணி சரியான ஸ்பெல்லிங்கை அடிச்சு, அதே ஸ்பெல்லிங் இருக்கற ஒரு ஆவணத்தை அப்லோட் பண்ணுங்க. கட்டணம் கிடையாது. வர்ற ரெஃபரென்ஸ் நம்பரைக் குறிச்சு வெச்சுக்கோங்க, நிலவரம் அதுலதான் தெரியும். உங்க வாக்குச்சாவடிக்கான அலுவலர், அதாவது பிஎல்ஓ, விசாரிக்க வந்தா அசல் ஆவணத்தைக் காட்டுங்க. ரொம்ப நாள் அசையலன்னா 1950-க்கு போன் பண்ணி அந்த நம்பரைச் சொல்லுங்க. திருத்தினாலும் வோட்டர் ஐடி நம்பர் மாறாது.

திருத்தம் ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்ததும் விட்டுடாதீங்க, பட்டியல்ல தேடித் தமிழ் பேரையும் பாருங்க, இங்கிலீஷைச் சரி பண்ணும்போது தமிழ் தானா மாறியிருக்கலாம். அப்பா பேரு இல்ல கணவர் பேரு இருக்கற வரியையும் சேத்துப் பாருங்க, அதையும் அதே மெஷின்தான் மாத்துது, அதை யாரும் பாக்கறதே இல்ல.