பைப்பை வெட்டும் முன்: வளைத்த பைப்பின் விரிநீளத்தைக் கணக்கிடுவது எப்படி?

வரைபடத்தில் 300, 400, 250 என்று மூன்று அளவுகள். கூட்டினால் 950 மி.மீ. தொடக்கத்தில் நான் அப்படித்தான் கூட்டி வெட்டினேன். வளைத்து முடித்ததும் பைப் 38 மி.மீ. மிஞ்சியது. அந்த அளவுகள் மையக்கோடுகள் சந்திக்கும் மூலை வரை போகின்றன. பைப்போ மூலைக்குப் போகாமல் முன்னதாகவே வளைந்து திரும்பிவிடுகிறது.

அந்தப் பைப்பையே எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 25 மி.மீ., மையக்கோட்டு ஆரம் (R) 75 மி.மீ., வளைவுகள் 90°, 45°. ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு எண்கள் வேண்டும்.

```
T = R × tan(A/2)
L = R × A × 0.01745
```

T என்பது மூலைக்கும் வளைவு தொடங்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம். L என்பது வளைவின் மையக்கோட்டு நீளம். 90° வளைவுக்கு T 75, L 117.8. 45° வளைவுக்கு T 31.1, L 58.9.

இனி நேர்ப்பகுதிகள். முதல் பகுதி 300 − 75 = 225. நடுப்பகுதியில்தான் பலர் தவறுகிறார்கள். அதன் இரு முனைகளிலும் வளைவு இருப்பதால் இரண்டு T-யையும் கழிக்க வேண்டும்: 400 − 75 − 31.1 = 293.9. கடைசிப் பகுதி 250 − 31.1 = 218.9. நேர்ப்பகுதிகள் 737.8, வளைவுகள் 176.7, விரிநீளம் 914.5 மி.மீ.

A என்பது நேராக இருந்த பைப் எவ்வளவு திரும்பியது என்பதே. வரைபடத்தில் இரு கால்களுக்கும் இடையே 135° என்று எழுதியிருந்தால் அதை 180-இலிருந்து கழித்து 45° என்று எடுங்கள். அப்படியே 135 என்று போட்டால் T 181 ஆகிவிடும்; நேர்ப்பகுதி இவ்வளவு சுருங்குவதைப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். ஆரத்தை உள்பக்கத்தில் அளந்திருந்தால் பாதி விட்டமான 12.5-ஐக் கூட்ட மறக்காதீர்கள்.

கணக்கு சரியாக இருந்தாலும், வளைக்கும்போது பைப் சற்று நீளும். எவ்வளவு என்பது அந்த டை, அந்தப் பைப்பின் சுவர்த் தடிமன், பொருள் ஆகியவற்றைப் பொறுத்தது. சூத்திரம் அதைச் சொல்லாது. அதனால் அதே பைப்பில் சரியாக 500 மி.மீ. துண்டை வெட்டி 90° வளையுங்கள். ஒரு காலின் முனையிலிருந்து மற்றொரு காலின் வெளிப்பரப்பு வரை அளந்து, இன்னொரு காலையும் அப்படியே அளந்து கூட்டுங்கள். நீட்சி இல்லையென்றால் 557.2 வரும் (500 + 150 − 117.8 + 25). எனக்கு 559 வந்தது. அதனால் அந்த டையில் ஒவ்வொரு 90° வளைவுக்கும் 1.8 மி.மீ. குறைத்தும், 45° வளைவுக்கு அதில் பாதி குறைத்தும் வெட்டுகிறேன். இந்தப் பைப்புக்கு 911.8.