பாம்பு சட்டை உரிக்கிறதா? கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி

வீட்டில் வளர்க்கும் கார்ன் ஸ்நேக்கை வைத்துச் சொல்கிறேன். மற்ற பாம்புகளுக்கும் அடிப்படை இதேதான்.

முதலில் உடல் நிறம் மங்கும், வயிறு லேசாகச் சிவக்கும். அப்புறம் இரண்டு கண்களும் பால் கலந்த நீலமாக மாறும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் மூடியிருக்கிறது. அதுவும் தோலின் பகுதிதான், சட்டையோடு சேர்ந்தே உரியும். பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் உருவானதும், இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறி அவற்றைப் பிரிக்கிறது. கண்செதிலுக்கு அடியிலும் அந்தத் திரவம் தேங்குவதால்தான் கண் மங்குகிறது. இந்த நாட்களில் பாம்புக்குப் பார்வை குறைவு, எளிதில் மிரண்டு கொத்தும். கையில் எடுக்காதீர்கள், இரையும் வைக்காதீர்கள்.

பலர் குழம்புவது அடுத்த கட்டத்தில். சில நாட்களில் கண் மறுபடி தெளிந்துவிடும், ஆனால் சட்டை இன்னும் கழன்றிருக்காது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக் கையாளத் தொடங்கிவிடுவார்கள். திரவம் வற்றியதால்தான் கண் தெளிந்தது. உரிப்பது இனிமேல்தான், பெரும்பாலும் அடுத்த சில நாட்களுக்குள். அதுவரை ஈரப்பதம் குறையக்கூடாது. கூண்டு முழுக்கத் தண்ணீர் தெளிப்பதைவிட, ஈரப்பாசி போட்ட ஒரு மூடிய பெட்டியை ஓரமாக வைப்பதே எனக்குப் பிடித்த வழி. வேண்டும்போது பாம்பு தானே உள்ளே போய்க்கொள்ளும். ஈரப்பதம் அளக்க முள் வைத்த மீட்டர் வேண்டாம், டிஜிட்டல் வாங்குங்கள்.

உரசிக்கொள்ள ஒரு கரடுமுரடான மரக்கட்டையும் வையுங்கள். பாம்பு மூக்கையும் உதட்டையும் அதில் தேய்க்க, தலைப்பக்கம் தோல் விடும். பிறகு காலுறையைக் கழற்றுவதுபோல உட்புறம் வெளியே திரும்பியபடி வால்வரை கழன்றுவிடும்.

சட்டையைத் தூக்கி எறியாதீர்கள். தலைப்பகுதியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கண் இருந்த இரண்டு இடத்திலும் சின்னக் கிண்ணம்போல் குழிந்த வட்டச்செதில் தெரிய வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் செதில் பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது. வால் நுனியும் வந்திருக்கிறதா பாருங்கள். அங்கே ஒட்டிய தோல் வளையமாக இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

செதில் தங்கிவிட்டால் இடுக்கி, டேப் எதுவும் வேண்டாம், அடியிலுள்ள புதுச்செதிலும் பிய்ந்து கண்ணே போய்விடலாம். காற்றோட்டமுள்ள பெட்டியில் ஈரத்துணி விரித்து அரைமணி நேரம் விடுங்கள். அதற்கும் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருத்துகளில் வந்ததால் சேர்க்கிறேன்: ஒரு கண் மட்டும் மங்கினால் அதைச் சட்டை உரிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடல் முழுக்கத் தோல் ஒரே சமயத்தில் புதுப்பிக்கப்படுவதால் இரண்டு கண்ணும் சேர்ந்தேதான் மங்கும். ஒரு கண் என்றால் தங்கிப்போன செதில், காயம் அல்லது தொற்றாக இருக்கலாம். இன்னொரு கேள்வி, சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கிறதே என்று. செதில்களுக்கு நடுவில் மடிந்திருந்த தோல் உரியும்போது விரிந்துவிடுகிறது. சட்டையை அளந்து பாம்பின் நீளத்தைக் குறித்து வைக்காதீர்கள்.